"help" என்று மட்டும் செய்தி வந்தால் முதலில் என்ன கேட்பது?

மடிப்பாக்கம்_மணி:
பருவமழை தொடங்க இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. எங்கள் பக்கத்துக் குடியிருப்போர் சங்கங்கள் சில சேர்ந்து ஒரு பொது எண் வைத்திருக்கிறோம். வாட்ஸ்அப், எஸ்எம்எஸ் இரண்டுமே அதில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வந்த பழைய செய்திகளை இப்போது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். முகவரி, ஆள் எண்ணிக்கை எல்லாம் போட்டு வந்தவை ஒரு பக்கம். வெறும் "help", "plz help", "உதவி" என்று ஒற்றைச் சொல்லாக வந்தவை இன்னொரு பக்கம். இரண்டாவது வகைக்கு எங்களிடம் இருந்த தயார் பதில் இதுதான்:

"வணக்கம். உங்கள் பெயர்? முழு முகவரி? எத்தனை பேர் இருக்கிறீர்கள்? முதியோர், குழந்தைகள், கர்ப்பிணிகள் உள்ளனரா? தண்ணீர் எவ்வளவு உயரம்? உணவு தேவையா? மருந்து தேவையா? மாற்று எண்?"

இதற்குப் பதில் வந்ததைவிட வராததே அதிகம். வந்த பதில்களும் விசித்திரமாக இருக்கின்றன. ஒருவர் "ஆமா" என்று மட்டும் எழுதியிருக்கிறார். எந்தக் கேள்விக்கு ஆமா? இந்த வருடம் இதைச் சுருக்கலாம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால் எதைக் கேட்பீர்கள்?

எக்செல்_ராஜா:
மணி சார், சுருக்க வேண்டாம் என்பது என் கட்சி. அந்த எட்டு கேள்விக்கும் காரணம் இருக்கிறது. படகு ஒன்றுதான் இருக்கிறது, கேட்பவர்கள் நிறையப் பேர் என்றால் யார் வீட்டுக்கு முதலில் போவது என்று எதை வைத்து முடிவெடுப்பீர்கள்? கர்ப்பிணி இருக்கிறாரா என்று தெரியாமல் வரிசை போட முடியாது. கூகுள் பாரம் ஒன்று செய்து, "help" என்று வந்தவுடன் அந்த லிங்கைத் தட்டிவிடுங்கள். நிரப்பியதும் நேரே ஷீட்டில் விழும். எழுத்துப்பிழை, கைப்பிரதி வேலை எதுவும் கிடையாது. யார் நிரப்பினார், எப்போது நிரப்பினார் என்ற பதிவும் இருக்கும்.

ஜெயந்தி_கோவிலம்பாக்கம்:
வணக்கம். நாங்கள் கோவிலம்பாக்கம். அந்த வெள்ளத்துக்கு ரேஷன் கடையில் கொடுத்த 6,000 ரூபாய் என் மாமியார் கார்டுக்கு வரவே இல்லை. இந்த எண்ணுக்கு ஹெல்ப் என்று போட்டால் இப்போதாவது கிடைக்குமா? என்னென்ன பேப்பர் வேண்டும்?

மடிப்பாக்கம்_மணி:
இல்லைங்க அம்மா, இது ஆட்களை மீட்கும் வேலைக்கான தன்னார்வலர் எண். பணத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. வட்ட வழங்கல் அலுவலகத்தில் கார்டோடு போய்க் கேட்டுப் பாருங்கள்.

பழைய_டெஸ்க்:
அவசர அழைப்பு மையம் ஒன்றில் பல வருடம் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பு மேசையில் உட்காரும் புது ஆளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, "இடத்தை முதலில் வாங்கு" என்பதுதான். பெயரோ, என்ன நடந்தது என்பதோ அப்புறம்தான். காரணம் எளிது. அடுத்த நொடி லைன் அறுந்துவிட்டால், இடம் மட்டும் கையில் இருந்தாலும் ஆளை அனுப்பிவிடலாம். பெயர், வயது, பிரச்சினை எல்லாம் தெரிந்து இடம் தெரியவில்லை என்றால் எதுவும் செய்ய முடியாது. வெள்ளத்தில் இது இன்னும் உண்மை. மின்சாரம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும், போனில் சார்ஜ் நாலு சதவீதம் இருக்கும், பக்கத்து டவரில் ஜெனரேட்டர் டீசல் தீரும் நேரமாக இருக்கும். அந்த ஆளிடமிருந்து உங்களுக்கு வரப்போவது ஒரே ஒரு பதிலாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் கேள்வியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எட்டு கேள்வியை ஒன்றாகப் போட்டால் நடப்பதும் எனக்குத் தெரியும். பயந்துபோன ஆள் மேலிருந்து கீழே வரிசையாகப் படித்துப் பதில் சொல்வதில்லை. கண்ணில் படுவதற்கோ, எளிதில் பதில் சொல்ல முடிவதற்கோ மட்டும் சொல்வார். உங்களுக்கு "ஆமா" வந்தது அப்படித்தான். "மருந்து தேவையா" என்பதற்கு வந்த ஆமாவாக இருக்கலாம், "குழந்தைகள் உள்ளனரா" என்பதற்காகவும் இருக்கலாம். சில பேர் இவ்வளவையும் நிரப்பினால்தான் வருவார்கள் போல என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

அப்புறம் எஸ்எம்எஸ் விஷயம். டேட்டா செத்த நேரத்திலும் எஸ்எம்எஸ் ஓரளவு போய்ச் சேரும். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து என்றால் தமிழில் 70 தான். புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனி எழுத்தாகக் கணக்காகும். "ட்" என்பதே இரண்டு. 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாக உடைந்து போகும். நெட்வொர்க் திணறும்போது ஒரு துண்டு வந்து மறு துண்டு வராமல் தொங்கும். சில போன்களில் எல்லாத் துண்டும் சேரும்வரை செய்தியே தெரியாது. மணி சாரின் அந்தத் தயார் பதில் மூன்று துண்டாக வரும். இதை எண்ணிப் பாருங்கள்:

"எங்கே இருக்கீங்க? தெரு பெயர் மட்டும் போதும்."

இது 44. ஒரே துண்டில் போய்விடும். இதற்கு முன்னால் "பார்த்துட்டேன்." என்று ஒரு சொல் சேர்த்தாலும் 70-க்குள் நிற்கும். அந்த ஒரு சொல்லை நான் கட்டாயம் சேர்ப்பேன். இந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறான் என்று தெரிந்தால்தான் அந்தப் பக்கத்து ஆள் மீண்டும் தட்டச்சு செய்வார். "தெரு பெயர் மட்டும் போதும்" என்பதும் அதற்குத்தான். முழு முகவரி என்று கேட்டால் கதவு எண், பின்கோடு எல்லாம் யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

எக்செல்_ராஜா:
சார், மதிக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வது அரசு மையம். அங்கே உங்களுக்குப் பின்னால் வண்டி வரிசையாக நிற்கும். எங்களுக்கு ஒரு படகும் ஒரு டிராக்டரும்தான். இடம் மட்டும் தெரிந்து என்ன செய்வது? முன்னுரிமை?

பழைய_டெஸ்க்:
தம்பி, விவரம் தேவையில்லை என்று நான் சொல்லவே இல்லை. உங்கள் ஷீட்டில் எட்டு கட்டமும் இருக்கட்டும். அதை நிரப்ப வேண்டியது மேசையில் காய்ந்த துணியோடு உட்கார்ந்திருக்கும் நாம்தான், இடுப்பளவு தண்ணீரில் நிற்பவர் இல்லை. அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்போம், நாம் நிரப்புவோம். அப்படிக் கேட்டால் இன்னொரு லாபம் உண்டு. முதல் பதிலைப் பார்த்தால்தான் இரண்டாவது கேள்வி எது என்றே தெரியும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 2023 டிசம்பர் 4 இரவு, என் சொந்தக்காரப் பையன் ஒரு தன்னார்வலர் குழுவுக்குப் போன் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் இருந்தேன். நள்ளிரவு தாண்டி "help" என்று ஒரு செய்தி வந்தது. தெரு பெயர் கேட்டோம். "ராம் நகர்" என்று வந்தது. இப்போது சொல்லுங்கள், எந்த ராம் நகர்? வேளச்சேரியில் ஒன்று இருக்கிறது, மடிப்பாக்கத்தில் ஒன்று இருக்கிறது. இரண்டிலும் அன்றைக்குத் தண்ணீர். படகைத் தப்பான பக்கம் விட்டால் திரும்பி வருவதற்குள் விடிந்துவிடும்.

அதனால் இரண்டாவது கேள்வி அதிலிருந்தே வந்தது: "வேளச்சேரியா, மடிப்பாக்கமா?" ஒரு சொல்லில் பதில் சொல்லலாம். "வேளச்சேரி" என்று வந்தது. மூன்றாவது, "தரைத் தளமா, மாடியா?" இதற்கும் ஒரு சொல்தான். "தரை" என்று வந்தது. இந்த மூன்று பதிலிலேயே உடனே கிளம்ப வேண்டிய கேஸ் என்று தெரிந்துவிட்டது. மாடி என்று வந்திருந்தால் குடிநீரும் சாப்பாடும் காலையில் போனால் போதுமா என்பதுதான் அடுத்த கேள்வியாக இருந்திருக்கும். அந்த ஆள் மொத்தம் நாலு சொல்தான் தட்டச்சு செய்தார். எத்தனை பேர், யாருக்கு உடம்பு சரியில்லை என்பதையெல்லாம் படகு கிளம்பிய பிறகு வழியில் கேட்டுக்கொண்டோம். ராஜா தம்பியின் எட்டு கேள்வியை ஒன்றாக அனுப்பியிருந்தால் "எந்த ராம் நகர்" என்ற கேள்வி அதில் இருந்திருக்காது.

பட்டினப்பாக்கம்_செல்வம்:
அண்ணே, நாங்க படகு ஓட்டின ஆளுங்க. 2015லயும் போனோம், 2023லயும் போனோம். பைபர் படகு. ஒரு விஷயம் சேர்த்துக்கங்க. தெருப் பேரு வந்ததும் கெளம்பிடுவோம், சரி. ஆனா படுத்த படுக்கையா ஆள் இருக்குன்னா அது கெளம்புறதுக்கு முன்னாடி எங்களுக்குத் தெரியணும். ரெண்டு பேர் கூடுதலா வரணும், கட்டிலோட தூக்கணும்னா பலகை வேணும். நடக்குற ஆளுன்னா ஜன்னல் வழியா, காம்பவுண்டு சுவர் மேல ஏத்தி இறக்கிடுவோம். படுத்த ஆளை அப்படி எடுக்க முடியாது. அங்க போய்ப் பார்த்துட்டுத் திரும்பி வந்தா ரெண்டு தடவை போன மாதிரி.

இன்னொண்ணு, தெருவுக்குள்ள மோட்டாரைப் போட முடியாது. தண்ணிக்குள்ள பைக் கிடக்கும், கேபிள் கிடக்கும், புரொப்பல்லர்ல சுத்திக்கும். இறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போவோம். அதனால ஒரு தெரு தள்ளிப் போனாலே முக்கால் மணி நேரம் போச்சு. அடையாளம் ஏதாவது சொன்னா நல்லது. போர்டு எல்லாம் முழுகியிருக்கும். கோயில் கோபுரம், தண்ணித் தொட்டி, செல்போன் டவர் மாதிரி உசரமா தெரியுறது சொல்லச் சொல்லுங்க.

பழைய_டெஸ்க்:
செல்வம் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். "எல்லாரும் நடப்பாங்களா?" என்பது மூன்றாவதுக்குப் பிறகு, படகு கிளம்பும் முன் கேட்க வேண்டியது. உயரமான அடையாளம் என்பது எனக்குத் தோன்றாத விஷயம். நாங்கள் "பக்கத்தில் என்ன கடை" என்றுதான் கேட்போம். தண்ணீரில் கடை போர்டு தெரியாது, சரிதான்.

தோஹா_கவிதா:
நான் வெளிநாட்டில் இருக்கிறேன். அம்மா வேளச்சேரியில் தனியாக. அந்த வெள்ளத்தில் அவர் போன் அணைந்துவிட்டது. கிடைத்த எண்ணுக்கெல்லாம் நான்தான் "please help" என்று அனுப்பினேன். பதற்றத்தில் அதற்கு மேல் விரல் ஓடவில்லை. ஒரு குழுவிலிருந்து உடனே "உங்கள் லொக்கேஷன் அனுப்புங்கள்" என்று பதில். நான் அழுத்தியதும் தோஹா போனது! அவர்கள் இதை யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். அப்புறம் விளக்கிச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இன்னொரு குழு பாரம் அனுப்பியது. அதில் "எத்தனை அடி தண்ணீர்" என்பது கட்டாயக் கட்டம். தோஹாவில் உட்கார்ந்து எனக்கு எப்படித் தெரியும்? எதையாவது போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். மூன்று என்று போட்டேன்.

வெளியூர், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்புவதுதான் நிறைய இருக்கும். இதற்கும் உங்கள் ஒரு கேள்வியில் இடம் இருக்க வேண்டும்.

மடிப்பாக்கம்_மணி:
கவிதா, இது முக்கியமான இடம். பழைய செய்திகளில் +971, +65 என்று தொடங்கும் எண்கள் நிறைய இருக்கின்றன. எண்ணைப் பார்த்தே நாம் கேள்வியை மாற்ற வேண்டும் போல. "எங்கே இருக்கீங்க" என்பதற்குப் பதில் "உதவி எந்தத் தெருவுக்கு வேணும்?" என்று கேட்டால் இரண்டு பேருக்கும் பொருந்துமா?

பழைய_டெஸ்க்:
பொருந்தும். என் கேள்வியைவிட உங்களுடையது மேல். லொக்கேஷன் பின்னை முதல் கேள்வியாக வைக்க நான் தயங்குவதற்கும் இதுவே ஒரு காரணம். இன்னொன்று, வீட்டுக்குள் ஜிபிஎஸ் சரியாகப் பிடிக்காமல் டவரை வைத்துக் கணக்கிட்ட இடமாக இருந்தால் பல நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் முன்பு எத்தனை மீட்டர் துல்லியம் என்று கீழே போடும், அதை யாரும் பார்ப்பதில்லை. தெருப் பெயர் வந்த பிறகு, முடிந்தால் பின் என்று இரண்டாவதாகக் கேட்கலாம். லைவ் லொக்கேஷன் மட்டும் கேட்கவே கேட்காதீர்கள், இருக்கும் சார்ஜையும் உறிஞ்சிவிடும்.

எக்செல்_ராஜா:
கட்டாயக் கட்டம் பற்றிக் கவிதா சொன்னது சரி. அதை எடுத்துவிடலாம். பொய் எண் உள்ளே வந்தால் ஷீட்டுக்கே மரியாதை இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். ஒரே கோரிக்கை பத்து குரூப்பில் பார்வர்டு ஆகி, ஆளை மீட்ட பிறகும் இரண்டு நாள் சுற்றிக்கொண்டே இருக்குமே, அதை எப்படிப் பிடிப்பீர்கள்? பெயரும் எண்ணும் முதலிலேயே வாங்கினால்தான் இரட்டிப்பு தெரியும்.

மடிப்பாக்கம்_மணி:
பார்வர்டு ஆகிச் சுற்றுவது எப்போதும் முழு விவரம் உள்ள செய்திதான். வெறும் "help" என்பதை யாரும் பார்வர்டு செய்ய மாட்டார்கள். அது எப்போதும் நேரே வருவது. அதனால் இந்த வகைக்கு இரட்டிப்புப் பயம் குறைவு என்று நினைக்கிறேன். மற்ற வகைக்கு உங்கள் ஷீட் வேண்டும்தான்.

பெரும்பாக்கம்_நூருல்:
யாரும் சொல்லாத ஒன்று. எங்கள் பக்கம் கட்டட வேலைக்கு வந்த ஒடிசா, பீகார், வங்காளப் பையன்கள் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். தண்ணீர் முதலில் ஏறுவது அங்கேதான். அவர்கள் "help" என்று மட்டும் அனுப்புவது பதற்றத்தால் இல்லை, நமக்கும் அவர்களுக்கும் பொதுவாக இருக்கிற சொல் அது ஒன்றுதான் என்பதால். அதற்குத் தமிழில் எட்டு கேள்வி அனுப்பினால் என்ன, ஒரு கேள்வி அனுப்பினால் என்ன? எல்லாம் ஒன்றுதான். தெருப் பெயரும் அவர்களுக்குத் தெரியாது. சைட் பெயரும் மேஸ்திரி பெயரும்தான் தெரியும்.

நாங்கள் அப்போது செய்தது, "help" வந்து தமிழ்க் கேள்விக்குப் பதில் இல்லை என்றால் "location" என்ற ஒற்றைச் சொல்லை ஆங்கில எழுத்தில் அனுப்புவோம். பெரும்பாலும் பின் வந்துவிடும். எப்படி அனுப்புவது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும், ஊருக்கு தினமும் அனுப்புகிறவர்கள்தானே. பின் வரவில்லை என்றால் இந்தி தெரிந்த ஒருவரைப் பேச வைப்போம்.

பழைய_டெஸ்க்:
நூருல் பாய், அந்த இடத்தில் பின்தான் முதல் கேள்வி. நான் மேலே சொன்னதை அங்கே திருப்பிப் போட வேண்டும்.

இரவுக்குரல்:
நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். மனநலத் தொலைபேசி உதவியில் தன்னார்வலராக இருந்தவள். உங்கள் எண் வெள்ளத்துக்கானது என்று உங்களுக்குத் தெரியும். அனுப்புகிறவருக்கு அப்படியா? வெளியே மழை, கரண்ட் இல்லை, இரண்டு நாளாக ஒரே வீட்டுக்குள் அடிக்கிற கணவனோடு மாட்டிக்கொண்ட பெண்ணும் "help" என்றுதான் அனுப்புவாள். போன் அவள் கையில் எத்தனை நிமிடம் இருக்கும் என்று தெரியாது. உங்கள் எட்டு கேள்வி திரையில் பளிச்சென்று நிற்கும்போது அவன் பார்த்தால் என்ன ஆகும்? திரும்ப அழைத்து மணி அடிக்க வைத்தால்?

எங்கள் பழக்கத்தில் முதல் கேள்வி "இப்போ பாதுகாப்பா இருக்கீங்களா?" ஆமாம், இல்லை என்று சொன்னால் போதும். எழுத முடியாத நிலையில் இருப்பவருக்கு அதைவிட எளிய கேள்வி இல்லை.

இடத்தை முதலில் கேட்பதில் எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. உயிரை விடும் எண்ணத்தில் இருப்பவரிடம் எடுத்தவுடன் "எங்கே இருக்கீங்க" என்றால், போலீஸ் வரப்போகிறது என்று நினைத்துத் தொடர்பை அறுத்துவிடுவார். அங்கே முதலில் பேச்சு வேண்டும். அப்படிப்பட்டவர் என்று தெரிந்தால் 14416 டெலிமானஸ் எண்ணைக் கொடுங்கள், ஆனால் எண்ணை வீசிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

பழைய_டெஸ்க்:
அம்மா, மறுக்க முடியாத விஷயம் சொல்கிறீர்கள். ஆனால் எனக்கு ஒரு சிக்கல். வெள்ளத்தில் தரைத் தளத்தில் இருப்பவரிடம் "பாதுகாப்பா இருக்கீங்களா" என்று கேட்டால் "இல்லை" என்று வரும். அது எனக்கு ஏற்கனவே தெரிந்தது. அந்த ஒரே பதிலை அதற்குச் செலவழித்துவிட்டேன். அதன் பிறகு போன் அணைந்தால்?

இரவுக்குரல்:
அதேபோல, நீங்கள் இடம் கேட்டு அந்தப் பெண் தெருப் பெயரைத் தட்டச்சு செய்யும்போது அவன் பிடுங்கிவிட்டால் என் பக்கத்து இழப்பு. இரண்டில் எது அதிகம் நடக்கும் என்று கேட்டால், டிசம்பர் முதல் வாரத்தில் மடிப்பாக்கத்து எண்ணுக்கு வருவது வெள்ளம்தான் என்பதை ஏற்கிறேன். ஜூன் மாதத்தில் அதே எண்ணுக்கு வந்தால்?

தோஹா_கவிதா:
"என்ன ஆச்சு, சொல்லுங்க?" என்று பொதுவாகக் கேட்டால் என்ன?

இரவுக்குரல்:
மென்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பதிலாக ஒரு கதையே எழுத வேண்டும், கவிதா. சார்ஜ் இல்லாதவருக்கும் சரி, மறைந்து எழுதுபவருக்கும் சரி, அது கஷ்டம். நேரம் இருப்பவருக்கு நல்ல கேள்வி.

எக்செல்_ராஜா:
எல்லாரும் ஏன் செய்தியிலேயே நிற்கிறீர்கள்? நேரே போன் போடலாமே. இரண்டு நிமிடத்தில் எட்டு கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

பழைய_டெஸ்க்:
லைன் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. அன்றைக்குக் கிடைத்ததா என்று கேட்டுப் பாருங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் அழைக்கும்போது குரல் அழைப்புதான் முதலில் நொண்டும். இரவுக்குரல் சொன்ன காரணமும் இருக்கிறது. கேட்காமல் அழைக்கக் கூடாது. "கால் பண்ணலாமா?" என்பதையே ஒரு கேள்வியாக வைக்கலாம். ஆனால் அது தெருப் பெயர் வந்த பிறகு.

மடிப்பாக்கம்_மணி:
இதுவரை வந்ததை வைத்து ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். மழைக்காலத்தில் முதல் பதில்:

"பார்த்துட்டேன். எந்தத் தெருவுக்கு உதவி வேணும்? ஊர் பெயரும் போடுங்க."

ராம் நகர் கதையைப் படித்த பிறகு ஊரையும் சேர்த்தேன். அடுத்தது, பதிலைப் பார்த்து "தரையா, மாடியா?" அதற்குப் பிறகு "எல்லாரும் நடப்பாங்களா?" பெயர், எண்ணிக்கை, மருந்து எல்லாம் படகு கிளம்பிய பிறகு. தமிழில் பதில் இல்லை என்றால் "location". மழை இல்லாத மாதங்களில் "பார்த்துட்டேன். இப்போ பாதுகாப்பா இருக்கீங்களா?" பாரம் நம் பக்கத்து மேசையில் மட்டும், ராஜா பொறுப்பு.

பழைய_டெஸ்க்:
எண்ணிப் பார்த்தேன். முதல் பதில் 67, 70-க்குள் நிற்கிறது. எஸ்எம்எஸ்ஸிலும் ஒரே துண்டில் போய்விடும். "வர்றோம்" என்ற சொல்லை யாரும் சேர்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். படகு கிளம்பும்வரை அதைச் சொல்லக் கூடாது. அந்தச் சொல்லை நம்பி மொட்டை மாடிக்கு ஏறாமல் கீழேயே வாசலில் காத்திருப்பார்கள்.

பட்டினப்பாக்கம்_செல்வம்:
ஆமா அண்ணே, மாடி இருந்தா மாடிக்குப் போகச் சொல்லிடுங்க. அது கேள்வி இல்லை, ஆனா முதல்லயே சொல்லணும்.

இரவுக்குரல்:
மழைக் காலம், மழை இல்லாத காலம் என்று பிரிப்பதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. மழை நாளிலும் அந்தப் பெண் இருப்பாள். தெருப் பெயர் கேட்டு, பதிலில் தண்ணீர் என்ற பேச்சே இல்லை என்றால் உடனே என் கேள்விக்கு மாறுங்கள் என்று போன் பார்ப்பவருக்கு எழுதி வையுங்கள்.

மடிப்பாக்கம்_மணி:
எழுதி வைக்கிறேன் அக்கா. இன்னும் ஒன்று பாக்கி. கேள்வி அனுப்பிவிட்டோம், பதில் வரவில்லை. எவ்வளவு நேரம் காத்திருப்பது? அதே கேள்வியைத் திரும்ப அனுப்புவதா, வேறு கேள்வியா?

பழைய_டெஸ்க்:
டிக் பாருங்கள். ஒரு டிக் என்றால் அவர் போனுக்கே போகவில்லை, அதே கேள்வியை எஸ்எம்எஸ்ஸாக அனுப்புங்கள். இரண்டு டிக் விழுந்து பத்து நிமிடம் ஆகியும் பதில் இல்லை என்றால் கேள்வியை மாற்ற வேண்டாம், "இருக்கேன்" என்று மட்டும் ஒரு செய்தி போதும். அதற்கும் இல்லை என்றால் எண்ணை 112-க்கோ மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077-க்கோ கொடுத்துவிடுங்கள். நம்மால் ஒரு எண்ணை வைத்து இடம் கண்டுபிடிக்க முடியாது, அவர்கள் முயற்சி செய்யலாம்.

இரவுக்குரல்:
112-க்குக் கொடுக்கும் முன் அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள் என்றுதான் மறுபடியும் சொல்வேன். போலீஸ் வீட்டுக்குத் திரும்ப அழைத்து அவன் எடுத்தால்?

பழைய_டெஸ்க்:
எனக்கு அதற்குப் பதில் இல்லை அம்மா. தண்ணீர் ஏறுகிற இரவில் நான் கொடுத்துவிடுவேன்.

பெரும்பாக்கம்_நூருல்:
மணி பாய், இரவு இரண்டு மணிக்கு அந்தப் போனை யார் கையில் வைப்பது என்று முடிவாகிவிட்டதா? எங்கள் பக்கத்தில் இந்தி பேசும் இரண்டு பேர் தயார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு கூப்பிடுங்கள், பட்டியல் போடுவோம்.